சார் கை கழுவச் சென்றிருந்தார்

1. ஒரு கமெண்ட்

"அம்மா சூப்பர். அப்பா எங்கடி? வரலையா?"

என் மகள் பிரின்சி தன் முதல் சம்பளத்தில் எனக்கும் என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் மத்தியானச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அந்தப் படத்தை இன்ஸ்டாவில் போட்டாள். அதற்குக் கீழே, அவளோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் கேட்ட கேள்வி இது.

படத்தில் அப்பா இருக்கிறார். மேஜைக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கையில் தண்ணீர் ஜக், லேசான குனிவு, முப்பத்தொரு வருஷம் பழகிய சிரிப்பு. அந்தப் பெண் என்னை ஹோட்டல்காரர் என்று நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நானே, "சர்வீஸ் பரவாயில்லையே" என்றுதான் நினைத்தேன்.

என் பெயர் சூசை. கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் ரெஸ்டாரண்டில் கேப்டன். கேப்டன் என்றால் ஆர்டர் எடுப்பவர், வெயிட்டர்களை மேய்ப்பவர், சூப்பில் முடி கிடந்தால் முதல் ஆளாகப் போய்த் தலை குனிபவர். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் படிப்பதற்காக உங்கள் அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் என்று எச்.ஆர். மேடம் கேட்டார். பெருமைப்படும்படி ஏதாவது எழுதச் சொன்னார். நானும் மூன்று நாள் யோசித்தேன். அசிங்கப்பட்டதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. அதில் பெரியதை எழுதுகிறேன்.

2. முதல் சம்பள டேபிள்

இந்தத் தொழிலில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு. ஒரு குடும்பம் உள்ளே நுழைந்து நாற்காலியை இழுப்பதற்குள், இது முதல் சம்பள டேபிள் என்று சொல்லிவிடுவேன்.

மெனு கார்டு பிள்ளையின் கையில் இருக்கும். பெற்றவர்களின் மெனு மூடியே கிடக்கும். அப்பா அதைத் திறந்தாலும் இடது பக்கம் சாப்பாட்டுப் பெயரைப் பார்க்க மாட்டார், வலது பக்கம் விலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "எனக்குப் பசியே இல்லப்பா" என்பார். அம்மா தயிர் சாதம் இருக்கிறதா என்று கேட்பார். மலைக்கு மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து தயிர் சாதம் கேட்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அடுத்து போட்டோ. போட்டோ எடுக்காமல் யாரும் ஸ்பூனைத் தொட மாட்டார்கள். போனை நம்மிடம் நீட்டுவார்கள். எடுத்துக் கொடுத்ததும் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து கேப்ஷன் எழுத ஆரம்பிக்கும். எழுதும், அழிக்கும், எழுதும். "அப்பா, இப்படிப் போடவா?" என்று வாசித்துக் காட்டும். அப்பா, "என்னமோ போடு" என்று ஜன்னலைப் பார்ப்பார். பிறகு நம் ஹோட்டல் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்பார்கள், லொகேஷன் போடுவதற்கு. போட்டு முடித்த பத்தாவது நிமிஷம், "என்னமோ போடு" என்ற அதே அப்பா, "யாரும் பார்த்தாங்களா?" என்று கேட்பார்.

ஆகவே என் வெயிட்டர்களுக்கு நான் போட்ட விதிகள் இரண்டு. போட்டோ முடியும்வரை சூப்பை கிச்சனிலிருந்து எடுக்காதே, ஆறிப்போகும். பில் ஃபோல்டரை அப்பா பக்கம் வைக்காதே, பிள்ளை பக்கம் வை. மாற்றி வைத்தால் அங்கே ஒரு இழுபறி நடக்கும். கடைசியில் அப்பா ஜெயித்துவிடுவார். அந்தப் பிள்ளை முகம் வாடிப்போகும்.

இதையெல்லாம் தட்டும் டம்ளரும் அடுக்கியிருக்கிற சைட் ஸ்டேஷனில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் நக்கலாகச் சிரித்தும் இருக்கிறேன். பெற்றவர்களுக்குச் சோறு வாங்கிக் கொடுப்பதற்கு ஊருக்கே தண்டோரா வேண்டுமா என்று நினைப்பேன். எனக்கு அந்த நாள் வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

3. நான் உட்கார்ந்த டேபிள்

பிரின்சி மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். முதல் சம்பளம் வந்த வாரமே லீவு கேட்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, வெள்ளனே கிளம்புங்க. உங்க ஹோட்டல்லயே டேபிள் புக் பண்ணிருக்கேன்."

"ஏம்மா, அங்க நான் உட்கார்ந்தா பயலுக சிரிப்பானுங்க. வேற எடம் பாரு."

அவள் வேறு இடம் பார்த்தாள். ஏரிப் பக்கம் இன்னொரு ஹோட்டல். இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போடுங்கள் என்றாள் ஸ்டெல்லா. இருப்பதிலேயே நல்ல உடுப்பு என்று பீரோவில் எனக்கு இருந்தது வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும்தான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. டூட்டிக்குக் கிளம்புகிற மாதிரியே இருந்ததைக் கண்ணாடி சொல்லவில்லை.

அந்த ஹோட்டலில் எங்களைக் கவனித்தவர் நாற்பது வயதுக்காரர், பால்பாண்டி. மெனுவைக் கொடுத்தார். பிரின்சி வாங்கிக்கொண்டாள். நான் என்னுடையதைத் திறந்து வலது பக்கத்தைப் பார்த்தேன்.

"எனக்குப் பசியே இல்லம்மா" என்றேன். சத்தியமாக, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

ஸ்டெல்லா தயிர் சாதம் இருக்கிறதா என்று கேட்டாள்.

பிரின்சி எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்காதவள் போல விட்டுவிட்டு, ஸ்வீட் கார்ன் சூப்பிலிருந்து ஆரம்பித்து ஆர்டர் சொன்னாள். பால்பாண்டி சூப்பைச் சீக்கிரமே கொண்டு வந்துவிட்டார். போட்டோ இன்னும் எடுக்கவில்லை! எனக்குக் கால் துடித்தது. ஸ்டெல்லா முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "ஏங்க, சும்மா இருங்க" என்றாள்.

பிரின்சி தன் போனை அவரிடம் நீட்டினாள். நாங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபடியே அவர் எடுக்கப் போனார். வெளியே மேகம் இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் மூன்று பேர் முகமும் கரிக்கட்டையாகத்தான் விழும். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"தம்பி, இந்தப் பக்கம் வாங்க. இப்பிடிச் சாய்ச்சுப் பிடிங்க. மேஜை முழுக்க வரணும். தண்ணி ஜக்கு முன்னாடி மறைக்குது பாருங்க" என்று ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர், "ஸ்மைல்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டால் என் முகம் தானாகச் செய்கிற வேலையைச் செய்தது. கிளிக்.

நாலு படம் எடுத்தார். மூன்றில் ஸ்டெல்லா கண்ணை மூடியிருந்தாள். மிஞ்சியது நான் நிற்கிற படம்.

"இது நல்லாருக்குப்பா" என்றாள் பிரின்சி. அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த அப்பா அந்த உடுப்பில் அப்படித்தான் நிற்கிறார். தலையைக் குனிந்து எழுதினாள், அழித்தாள், எழுதினாள். பிறகு வாசித்துக் காட்டினாள்.

"முதல் சம்பளம். ஓடி ஓடி உழைச்சு என்னைப் படிக்க வெச்ச ரெண்டு பேரையும், இன்னைக்கு உட்கார வெச்சு நான் சாப்பாடு வாங்கிக் குடுத்தேன். லவ் யூ அம்மா, அப்பா."

முடிவில் ஒரு சிவப்பு இதயம். "என்னமோ போடு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

பத்து நிமிஷம் கழித்து, யாரும் பார்த்தார்களா என்று கேட்டேன்.

மூணு மணிக்கு அவளை வத்தலக்குண்டு வழியாகப் போகிற மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் நகர்ந்த பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். சந்தோஷமான ஆள் நான், அன்று ஒருநாள் முழுக்க.

4. கம்ப்ளெயிண்ட் வந்தால்

மறுநாள் காலை டிபன் சர்வீஸ் முடிந்ததும் எங்கள் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் ரீனா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், பிரின்சி போஸ்ட் பார்த்தீங்களா? செம்ம ரீச். ஆனா கமெண்ட்ல ஒரே கூத்தா கெடக்கு."

என் போனில் இன்ஸ்டா கிடையாது. அவள் போனில் பார்த்தேன். கேப்ஷன் முழுதாக இல்லை. முதல் இரண்டு வரி மட்டும் தெரிந்தது, "இன்னைக்கு உட்கார வெச்சு" என்பதோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் மூன்று புள்ளி. தொட்டால்தான் மீதி தெரியுமாம். யாரும் தொடுவதில்லையாம். ஆக, உட்கார வைத்தேன் என்று கீழே எழுத்து, மேலே படத்தில் நிற்கிற ஆள். கேட்க மாட்டார்களா?

"அப்பா எங்கடி?" என்பதற்குக் கீழே இன்னொரு பெண், "வெயிட்டர் அங்கிள் சிரிப்பு க்யூட்" என்று போட்டிருந்தாள். அதற்கும் கீழே, பிரின்சி வார்டின் சீனியர் சிஸ்டர்: "உங்க அப்பா பெரிய ஹோட்டல்ல மேனேஜர்னு சொன்னியே? அவரைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டோம்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிரின்சி அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான். நர்சிங் காலேஜ் அட்மிஷன் ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, "ஹோட்டல் மேனேஜர்னு எழுது" என்றேன். "யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு. டாக்டர் பிள்ளைக, ஆபீஸர் பிள்ளைக வர்ற எடம்." அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுதினாள். நாலு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை டூட்டி, போன் லாக்கரில் இருக்கும். மணி பதினொன்று. இங்கே கமெண்ட் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு மணிக்கு அவள் போனைத் திறந்தால், பொய் சொன்னவளாக அத்தனை பேர் முன்னால் நிற்பாள். சம்பளம் வாங்கி ஒரு வாரம்கூட முழுசாகவில்லை!

"ரீனா, அந்தப் படத்துல நிக்கிற ஆளை வெட்டி எடுத்துரலாமா?"

"போஸ்ட் பண்ணின படத்துல கை வைக்க முடியாது அங்கிள். கேப்ஷனை மட்டும்தான் மாத்தலாம். அதுவும் பிரின்சிதான் மாத்தணும்."

"மொத்தமா எடுத்துட்டா?"

"லைக், கமெண்ட் எல்லாம் சேர்ந்து போயிரும். அதையும் அவதான் செய்யணும். நீங்க வேணா ஒரு கமெண்ட் போடுங்க. காட் பிளெஸ் யூன்னு. சந்தோஷப்படுவா."

அவள் என் போனில் இன்ஸ்டாவை இறக்கினாள். பெயர் என்ன வைக்க என்று கேட்டாள். "சூசை கேப்டன்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அங்கேயே யூனிஃபார்மோடு ஒரு படம் எடுத்து முகப்பில் ஒட்டினாள். பிரின்சியின் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, செக்-இன் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள்.

தனியாக நின்றேன். முப்பத்தொரு வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம், கம்ப்ளெயிண்ட் வந்தால் ஒளியாதே, உடனே போய் நில், மரியாதையாக ஒரு காரணம் சொல், நன்றி சொல்லி முடி. ஒற்றை விரலால் கால்மணி நேரம் தட்டினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் போட்டேன்.

"சார் கை கழுவச் சென்றிருந்தார். தங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக."

என் திட்டம் இதுதான். நான் அந்த ஹோட்டலின் வெயிட்டர். பிரின்சியின் அப்பாவாகிய மேனேஜர் சார் கை கழுவப் போயிருந்த நேரத்தில் படம் எடுக்கப்பட்டது. யாருக்கும் சேதாரம் இல்லை. திருப்தியாக வெங்காயப் பச்சடி பார்க்கப் போய்விட்டேன்.

என் மகளின் கணக்கு "பிரின்சி சூசை" என்ற பெயரில் இருக்கிறது என்பது எனக்கு நினைவில்லை. என் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுடைய இன்ஸ்டா பக்கத்தில் "சூசை கேப்டன்" என்று ஒருவன், படத்தில் ஜக்கோடு நிற்கிற அதே மூஞ்சியை முகப்பில் ஒட்டிக்கொண்டு, சார் கை கழுவச் சென்றிருந்தார் என்கிறான்.

லஞ்சுக்கு முன்னால் போனைப் பார்த்தபோது பதில்கள் வரிசையாகக் கிடந்தன.

"பிரின்சி சூசை... சூசை கேப்டன்... ஏய்!"

"இது உங்க அப்பாவாடி?"

கடைசியில் சீனியர் சிஸ்டர்: "அப்ப மேனேஜர் யாரு?"

அழிக்கத் தெரியவில்லை. ரீனா வெளியே போயிருந்தாள். போனை அமர்த்திப் பையில் போட்டேன். அமர்த்தினால் கமெண்ட்டும் அமர்ந்துவிடும் என்று நினைத்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

5. இரண்டேகால் மணி

போனை மறுபடி உயிர்ப்பித்ததும் பிரின்சி கூப்பிட்டாள்.

"அப்பா. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இல்லம்மா... உனக்கு அசிங்கமாயிரக் கூடாதுன்னு..."

"அந்த மேனேஜரை நான் கேட்டேனாப்பா? நீங்கதான் எழுதச் சொன்னீங்க. எனக்கு ஒருநாளும் வெட்கமா இருந்ததில்ல. உங்களுக்குத்தான் இருந்துச்சு."

கெஸ்ட் எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள். தட்டை விசிறி எறிந்திருக்கிறார்கள். அதெல்லாம் அன்றைக்குள் ஆறிவிடும். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, ஏனென்றால் அவள் சொன்னது சரி.

"மன்னிச்சிரும்மா. அந்தப் படத்தை எடுத்துரு."

"பஸ் வந்துருச்சுப்பா. வைக்கிறேன்."

அன்று சாயங்காலம் நான் பார்த்த சர்வீஸைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. நாலாம் நம்பர் டேபிளின் காபி ஏழாம் நம்பருக்குப் போனது. ஏழாம் நம்பர்காரர் அதைக் குடித்தும்விட்டார். மேனேஜர் சார், நிஜமான மேனேஜர், "என்ன சூசை, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

ஐந்தரைக்கு டின்னர் டேபிள் போட்டுக்கொண்டிருந்தபோது ரீனா ஓடி வந்தாள். "அங்கிள், வெரசா வாங்க. கேப்ஷனை மாத்திட்டா."

அதே படம். ஜக்கோடு நான். கீழே எடிட்டட் என்று சின்னதாக ஒரு சொல். முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும் என்பது என் மகளுக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியதை அதிலேயே சொல்லியிருந்தாள்.

"நிக்கிறவர்தான் எங்க அப்பா. மேனேஜர் இல்ல, கேப்டன். நான் பொய் சொன்னேன், சாரி."

மூன்று புள்ளியைத் தொட்டேன்.

"முதல் சம்பளத்துல உட்கார வெச்சேன். சூப் வந்ததும் எந்திரிச்சுட்டாரு. அடுத்த மாசம் மறுபடியும் முயற்சி பண்றேன்."

என் கமெண்ட்டை அவள் அழிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பின் போட்டு நிறுத்தியிருந்தாள், யார் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கும்படி. அதற்கு அவளே ஒரு பதிலும் போட்டிருந்தாள்.

"கை கழுவியாச்சுன்னா வந்து உட்காருங்க சார்."

நான் நிஜமாகவே கை கழுவப் போனேன். கையோடு முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தேன்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

பாடம் என்று ஏதாவது சொல்லி முடிக்க வேண்டுமாம். சொல்கிறேன்.

முதல் சம்பள டேபிளில் போட்டோ எடுக்கும்போது, எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்று ஒருதடவை கேட்டுவிட்டு எடுங்கள். அந்தப் பிள்ளை கேப்ஷன் எழுதும்போது பக்கத்தில் போய் ஆர்டர் கேட்காதீர்கள். அது தண்டோரா இல்லை. வீட்டில் நேருக்கு நேர் சொல்ல முடியாததை ஊரைச் சாக்கு வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு இது புரிய முப்பத்தொரு வருஷமும் ஒரு தண்ணீர் ஜக்கும் தேவைப்பட்டது. யாராவது நீங்கள் யார் என்று கேட்டால், நீங்கள் யாரோ அதைச் சொல்லுங்கள். வேறு எதையாவது சொன்னால், பிறகு கை கழுவப் போக வேண்டிவரும்.

அடுத்த மாதம் பிரின்சி மறுபடி வந்தாள். இந்தத் தடவை எங்கள் ஹோட்டலிலேயே டேபிள் போடச் சொன்னேன். ஸ்டெல்லா மாந்தளிர் நிறத்தில் ஒரு சட்டை எடுத்துத் தந்தாள். என் வெயிட்டர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், நான் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, போட்டோவுக்கு முன்னாலேயே சூப்பைக் கொண்டுவந்து வைத்தான். என் கால் துடித்தது. பிரின்சி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ரீனா படம் எடுத்தாள். பிரின்சி தலையைக் குனிந்து எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கால்மணி நேரம் ஆனது. பிறகுதான் ஸ்பூனை எடுத்தோம். சூப் நன்றாக ஆறிப் போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல், உட்கார்ந்தபடி, முழுவதையும் குடித்தேன்.